எட்டுக் கட்டங்களும் ஒரு தொலைபேசி அழைப்பும்

(விருதுநகரில் இளம் பட்டதாரிகளுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பயிற்சி வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை அழைத்தவர்கள், "நேர்காணலை எதிர்கொள்வது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். நான் அதற்கு ஒரு படி முன்னால் நடப்பதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். நம் பிள்ளைகளில் பலர் நேர்காணல் அறை வரைக்கும் போவதே இல்லை. அதற்கு முன்பே ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பேசுகிறார்கள். "திரும்பக் கூப்பிடுகிறோம்" என்கிறார்கள். பிறகு கூப்பிடுவதில்லை. என்ன தப்பாகச் சொன்னோம் என்பதும் தெரிவதில்லை. முனைவர் பட்ட ஆய்வுக்கு வருவதற்கு முன்னால் நானும் வேலை தேடினேன். அப்படிப் பல அழைப்புகளில் காணாமல் போனவன் நான். ஆகவே தோற்றவன் சொல்லும் பாடமாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கூப்பிடுகிறவர் யார்? பெரும்பாலும் அவர் உங்களுக்கு வேலை கொடுக்கப்போகிறவர் அல்ல. நிறுவனத்தின் ஆளெடுப்புப் பிரிவில் இருப்பவர், அல்லது அந்த நிறுவனத்துக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சியில் இருப்பவர். பெங்களூரிலோ நொய்டாவிலோ சென்னையிலோ உட்கார்ந்திருப்பார். ஒரு நாளில் பல பேரைக் கூப்பிட வேண்டும். அவரும் நம் வயதுதான். அவருக்கும் மேலே ஒருவர் இலக்கு வைத்திருக்கிறார். அவர் முன்னால் ஒரு எக்செல் தாள் திறந்திருக்கும். அதை டிராக்கர் என்பார்கள். அதில் உங்கள் பெயர், எண், மின்னஞ்சலுக்குப் பிறகு ஏறத்தாழ எட்டுக் கட்டங்கள் இருக்கும். படிப்பும் முடித்த ஆண்டும். மொத்த அனுபவம், அதில் இந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம். இப்போது என்ன வேலை. ஏன் மாற விரும்புகிறீர்கள். இப்போதைய சம்பளம். எதிர்பார்க்கும் சம்பளம். எத்தனை நாளில் சேர முடியும். ஊர் மாறவும் ஷிப்டில் வேலை பார்க்கவும் சம்மதமா.

அவ்வளவுதான். பெயர் முன்னே பின்னே இருக்கலாம், சாரம் இதுதான். அந்த அழைப்பில் அவர் உங்கள் அறிவை அளக்கவில்லை. கட்டத்தை நிரப்புகிறார். நிரம்பிய வரி மேலே போகும். காலியாகவோ குழப்பமாகவோ உள்ள வரி அப்படியே கிடக்கும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: கட்டத்தில் எழுதக்கூடிய பதிலைச் சொல்லுங்கள், சொன்னதும் நிறுத்துங்கள். கட்டம் காலியாக இருந்தால் அங்கே ஊகம் போய் உட்காரும். நம்மைப் பற்றிய ஊகம் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

இதை ஒரு தங்கையின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமம். அப்பா, அம்மா இருவருமே பட்டாசுத் தொழிலாளர்கள். இவர் 2023இல் பி.காம். முடித்தார். 68 சதவீதம். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தின் பில்லிங் பிரிவில் 18 மாதம் வேலை பார்த்தார். மாதம் 12,000 ரூபாய். காலண்டர் சீசன் முடிந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். இவர் வேலை போனது. ஜனவரியிலிருந்து ஒரு பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலைக்குப் போனார். போய்க்கொண்டே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டார். ஆகஸ்டில் அழைப்பு வந்தது. சென்னையில் ஒரு நிறுவனத்துக்குக் கணக்குப் பிரிவு வேலை. வருகிற பில்களைச் சரிபார்த்துப் பதிவு செய்வது. அச்சகத்தில் அவர் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்.

அந்த அழைப்பே மூன்றாவது முயற்சியில்தான் கிடைத்தது. முதல் இரண்டு தடவை காலை 11 மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பது இங்கே உள்ள எல்லோருக்கும் தெரியும். கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு தீப்பொறி போதும் என்ற இடத்தில் அது சரியான விதிதான். ஆனால் பெங்களூரில் இருப்பவருக்கு அது தெரியாது. "எடுக்கவில்லை" என்றுதான் குறித்துக்கொள்வார். மாலையில் வெளியே வந்ததும் இவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அந்த எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி: பெயர், எந்த வேலைக்கான அழைப்பு, "பகலில் போன் எடுக்க முடியாத இடத்தில் வேலை, மாலை 6 மணிக்கு மேல் அல்லது மதியம் 1 முதல் 1.30க்குள் பேசலாம்" என்று. மதிய இடைவேளையில் வெளியே வர முடியுமானால் மட்டும் அந்த நேரத்தைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்தில் எடுக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இன்னொன்று, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் போன் பேசத் தொடங்கிவிடுகிறது. நீங்கள் வைத்திருக்கும் காலர் டியூன் மறுமுனையில் ஒலிக்கிறது. தென்மாவட்டத்தில் காலர் டியூனில் சாதி பாடுவது நமக்குப் புதிதல்ல. சாமி பாட்டு, சாதிப் பாட்டு, நம் இயக்கப் பாட்டு எதுவானாலும் வேலை தேடும் மாதங்களில் எடுத்துவிடுங்கள். பிறகு ட்ரூகாலர். அதில் தெரியும் பெயர் பெரும்பாலும் மற்றவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்த பெயர். வீட்டுக்கே ஒரு போன் என்று இருந்த காலத்தில் அந்த எண் அப்பாவின் பெயரிலோ, தொழிற்பெயரிலோ, பட்டப்பெயரிலோ பதிவாகியிருக்கும். ஒரு நண்பரின் போனில் உங்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள். சரியில்லை என்றால் அந்தச் செயலியிலேயே உங்கள் பெயரைப் பதிந்து மாற்றிக்கொள்ளலாம்.

இனி அழைப்புக்குள் போவோம். அந்தத் தங்கை அழைப்பைப் பதிவு செய்து வைத்திருந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேட்டோம். மொத்தம் ஆறு நிமிடம். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது; நான் தமிழில் சொல்கிறேன்.

முதல் கேள்வி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." இவர் உடனே ஆரம்பித்தார். என் பெயர் இது, சொந்த ஊர் இது, அப்பா பெயர் இது, அவர் பட்டாசுத் தொழிலாளி, அம்மாவும் தொழிலாளி, ஒரு அண்ணன், ஒரு தம்பி, என் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது, என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லோரையும் நம்புவது. ஒன்றரை நிமிடம். அச்சகத்தின் பெயரோ பில்லிங் என்ற சொல்லோ அதில் ஒரு முறைகூட வரவில்லை.

இதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. நம் கல்லூரிகளில் "செல்ஃப் இன்ட்ரொடக்ஷன்" என்று மனப்பாடம் செய்ய வைப்பது இதைத்தான். பள்ளியில் சொன்னோம், கல்லூரியில் முதல் நாள் சொன்னோம், பிளேஸ்மென்ட் வகுப்பிலும் சொன்னோம். ஆனால் அந்தப் பாடம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். எட்டுக் கட்டத்தில் ஒன்றுக்கும் அது பதில் இல்லை. கேட்காமலேயே ஊர், அப்பா, தொழில், குடும்பம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைக்கிறது. சாதியை ஊகிக்க ஒருவருக்கு என்னென்ன வேண்டுமோ அதையெல்லாம் நாமே தட்டில் வைத்துக் கொடுக்கிறோம்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஐந்து வாக்கியம். "நான் 2023இல் பி.காம். முடித்தேன், 68 சதவீதம். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் 18 மாதம் பில்லிங் பிரிவில் இருந்தேன். டேலியில் ஒரு நாளைக்குச் சுமார் 40 ஜிஎஸ்டி பில் போட்டேன். மாதக் கடைசியில் கொள்முதல் பில்களைச் சரிபார்த்தேன். இப்போது முழுநேரக் கணக்குப் பணிக்கு மாற விரும்புகிறேன்." இதில் எண்கள் இருக்கின்றன, மென்பொருளின் பெயர் இருக்கிறது, இந்த வேலையோடு தொடர்பு இருக்கிறது. நாற்பது வினாடி ஆகாது. சொல்லி முடித்ததும் நிறுத்த வேண்டும். மறுமுனையில் சில வினாடிகள் அமைதியாக இருக்கும். அவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். அந்த அமைதிக்குப் பயந்துதான் நாம் "அப்புறம் எங்க வீட்ல..." என்று தொடங்கிவிடுகிறோம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கிலிருந்து பேசுகிறவர் "உங்கள் சர்நேம் என்ன?" என்று கேட்பார். பெரும்பாலும் அவர் திரையில் அப்படி ஒரு கட்டம் இருப்பதால்தான் கேட்கிறார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். 1931இல் அதே இயக்கத்தின் மாநில மாநாடு இதே விருதுநகரில் நடந்தது. இந்த மண்ணில் பெயருக்குப் பின்னால் வால் இல்லாமல் போனதற்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. ஆனால் அதை அந்த அழைப்பில் விளக்க வேண்டியதில்லை. "எங்கள் ஊரில் சர்நேம் கிடையாது, இனிஷியல் என் அப்பாவின் பெயர்" என்று சொல்லி, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள். பான் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள். பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று இருந்தால் பின்னால் சான்று சரிபார்க்கும்போது சிக்கல் வரும். இப்போதே ஒப்பிட்டுப் பார்த்து வையுங்கள்.

இரண்டாவது கேள்வி, "இப்போது என்ன செய்கிறீர்கள்?" பதிவில் இந்த இடத்தில் ஒரு நீண்ட மௌனம் கேட்கிறது. பிறகு, "ஒன்றுமில்லை சார், வீட்டில் இருக்கிறேன்."

அந்த இடத்தில் நான் பதிவை நிறுத்தினேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பட்டாசு ஆலைன்னு சொன்னா கேவலமா நினைப்பாங்கண்ணே" என்றார். ஏழு மாதம் காலை முதல் மாலை வரை உழைத்த ஒருவர், தான் சும்மா இருந்ததாகச் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் என்ன பதிவாகியிருக்கும்? ஏழு மாத இடைவெளி, காரணம் இல்லை.

இதில் மான அவமானத்தைத் தாண்டி ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. அந்த ஆலை இவருக்கு பிஎஃப் பிடித்திருந்தால், இவருடைய யூஏஎன் கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியிலிருந்து வேலை என்பது இருக்கும். வேலை உறுதியாகும் நேரத்தில் பல நிறுவனங்கள் அந்த வரலாற்றைப் பார்க்கின்றன. அப்போது "வீட்டில் இருந்தேன்" என்பது பொய்யாகிவிடும். வேலை நியாயமானது, மறைத்தது மட்டுமே குற்றமாகத் தெரியும். ஆகவே வேலையை வேலையாகவே சொல்லுங்கள்: "அச்சகத்தில் சீசன் முடிந்து ஆள் குறைத்தார்கள். ஜனவரியிலிருந்து சிவகாசியில் ஒரு பட்டாசு நிறுவனத்தில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். கணக்குப் பணிக்குத் திரும்ப விண்ணப்பிக்கிறேன்." மூன்று வாக்கியத்தில் இரண்டு கட்டங்கள் நிரம்பிவிட்டன. இப்போது என்ன வேலை, ஏன் மாறுகிறீர்கள்.

நம் பகுதியில் இப்படி இடைவெளி விழுவதற்குத் தொழிலிலேயே காரணம் உண்டு. 2018 அக்டோபரில் பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பசுமைப் பட்டாசு மட்டும், பேரியம் உப்பு கூடாது என்று. அதை அடுத்துச் சிவகாசியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தில் பட்டாசு நிறுவனங்களின் அலுவலகத்தில் இருந்தவர்களின் அனுபவத்திலும் ஓட்டை விழுந்தது. யாராவது கேட்டால் "2018 தீர்ப்புக்குப் பிறகு ஆலை மூடியிருந்தது, திறந்ததும் திரும்பச் சேர்ந்தேன்" என்றால் போதும். காரணம், தேதி, முடிவு. இடைவெளி இருப்பதை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். விளக்கமில்லாத இடைவெளிதான் கதவை மூடுகிறது.

அடுத்தது சம்பளம். "இப்போதைய சிடிசி என்ன?" இவருக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. "எதிர்பார்ப்பு?" "கம்பெனி எவ்வளவு கொடுக்கிறதோ, சார்." கட்டத்தில் அதை எப்படி எழுத முடியும்?

சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஓராண்டில் செலவழிக்கும் மொத்தத் தொகை. கைக்கு வரும் சம்பளம் அதைவிடக் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 2.4 லட்சம் என்றால் மாதத்துக்கு 20,000. அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய், நிறுவனத்தின் பிஎஃப் பங்கு. அது பல இடங்களில் இந்த 20,000க்கு உள்ளேயே வரும். நிறுவனத்தின் ஈஎஸ்ஐ பங்கும் அப்படியே. பிறகு உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,200, ஈஎஸ்ஐ கொஞ்சம். எல்லாம் போகக் கைக்கு வருவது 17,000க்குச் சற்றுக் குறைவு. ஆகவே முதலில் சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு, பஸ்ஸுக்கும் போனுக்கும் எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள். அந்தத் தங்கையின் கணக்கில் 15,500 வந்தது. அப்படியானால் சுமார் 2.2 லட்சத்துக்குக் கீழே அவரால் போக முடியாது.

பதில் இப்படி: "அச்சகத்தில் கடைசியாக மாதம் 12,000, ஆண்டுக்கு 1.44 லட்சம். இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன?" அவர்கள் சொன்னால் அதற்குள் பேசலாம். சொல்லாவிட்டால் "2.4 முதல் 2.8 லட்சம்" என்று எண்ணைச் சொல்லி நிறுத்துங்கள். பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். சம்பளச் சீட்டோ வங்கிக் கணக்கோ கேட்பார்கள். கையில் ரொக்கமாக வாங்கியிருந்தால் "ரொக்கம், அனுபவச் சான்று இருக்கிறது" என்று சொல்லுங்கள். அச்சகத்திலிருந்து விலகும்போதே லெட்டர்ஹெட்டில் அந்தச் சான்றை வாங்கிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால் அலைய விடுவார்கள்.

பிறகு, "சென்னைக்கு வருவீர்களா? எப்போது சேரலாம்?" இவர் சொன்னது, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன். தீபாவளி போனஸ் வந்த பிறகு வரலாம்." இரண்டும் உண்மைதான். தீபாவளி போனஸை விட்டுவிட்டு வா என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்; வீட்டின் ஓராண்டுக் கடன் அதில் அடையும். ஆனால் வீட்டோடு பேசுவதை விண்ணப்பம் போடும் முன்பே முடித்துவிட வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். எந்த ஊர், எந்த ஷிப்ட், எங்கே தங்குவது என்று அப்பா அம்மாவிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். பிறகு அழைப்பில் "சம்மதம்" அல்லது "இரவு ஷிப்ட் முடியாது, பகல் சம்மதம்" என்று சொல்லலாம். சேரும் நாளுக்குப் பண்டிகையைச் சொல்லாமல் தேதியைச் சொல்லுங்கள். நொய்டாக்காரருக்கு நம் போனஸ் கணக்குத் தெரியாது. தேதி எல்லோருக்கும் தெரியும்.

எட்டுக் கட்டம் முடிந்தது. எழுதாத ஒன்பதாவது ஒன்று இருக்கிறது: "கம்யூனிகேஷன்". பேசி முடித்ததும் அவர் நன்று, சுமார், மோசம் என்று ஏதோ ஒன்றைக் குறிப்பார். நாம் இதை ஆங்கில உச்சரிப்பு என்று நினைத்துப் பயப்படுகிறோம். அந்த அழைப்பில் பெரும்பாலும் பார்ப்பது கேள்வி புரிகிறதா, கேட்டதற்குப் பதில் வருகிறதா என்பதுதான். புரியவில்லை என்றால் "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்?" என்று கேளுங்கள். ஒரு தடவை கேட்பதால் யாரும் மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். புரியாமல் "யெஸ் சார், யெஸ் சார்" என்றால்தான் குறைப்பார்கள். சம்பளத்தைக் கேட்டபோது இந்தத் தங்கை முதலில் "யெஸ் சார்" என்றுதான் சொன்னார்.

இப்போது கடினமான இடத்துக்கு வருகிறேன். "குடும்பப் பின்னணி என்ன? அப்பா என்ன செய்கிறார்?" டிராக்கரில் அப்படி ஒரு கட்டம் இல்லை. ஆனாலும் கேட்கிறார்கள். 2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் டெல்லிப் பகுதி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தகுதி மட்டுமே பார்ப்போம், சாதி பார்ப்பதில்லை என்று அந்த மேலாளர்கள் சொன்னார்கள். அதே மூச்சில், குடும்பப் பின்னணி கட்டாயம் கேட்போம், நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர் நல்ல ஊழியராக இருப்பார் என்றும் சொன்னார்கள். சாதி என்ற சொல் இல்லாமலே சாதி வேலை செய்யும் விதம் அது. வடக்கில் அது "அப்பா என்ன செய்கிறார்". கூப்பிடுகிறவர் நம் பக்கத்துக்காரராக இருந்தால் "சிவகாசியில் எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று வரும். ரெஸ்யூமில் முழு முகவரி எழுதாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். டிராக்கரில் கேட்பது இப்போது இருக்கும் ஊர் மட்டும். "சிவகாசி" என்றால் போதும். "காலனி" என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் ரெஸ்யூமிலிருந்து நாம் இன்றைக்கே நீக்கலாம்.

அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? மறைக்கவும் வேண்டாம், கதை சொல்லவும் வேண்டாம். ஒரு வாக்கியத்தில் உண்மை, அடுத்த வாக்கியத்தில் கட்டத்துக்குத் திரும்புதல். "பெற்றோர் சிவகாசியில் பட்டாசுத் தொழிலில் இருக்கிறார்கள். நான் சென்னையில் தங்கி வேலை பார்க்க அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்." கேட்டவருக்கு நியாயமான கவலை ஒன்று இருந்தால் அது இதுதான்: இவர் வந்து சேர்வாரா, நிலைத்து இருப்பாரா. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. என்னிடம் ஒருமுறை இதே கேள்வி வந்தபோது, அப்பாவின் கடன், அம்மாவின் கை விரல்கள், நான் படித்த கஷ்டம் என்று ஐந்து நிமிடம் பேசினேன். மறுமுனையில் இருந்தவர் இரக்கப்பட்டார். "நல்லா வருவீங்க" என்றார். வேலை வரவில்லை. நம் வாழ்க்கையைச் சொல்ல வேண்டிய மேடைகள் இருக்கின்றன. அந்த அழைப்பு அதில் ஒன்றல்ல. நேராகவே "என்ன கம்யூனிட்டி?" என்று கேட்டால், "இந்த வேலைக்கு அது தேவைப்படுகிறதா?" என்று குரலை உயர்த்தாமல் கேட்கலாம். அழைப்பு முடிந்ததும் தேதி, நேரம், எண், கேட்டவர் சொன்ன பெயர், கேள்வியின் சொற்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். எழுதி வைக்காதது எதற்கும் உதவாது.

இவ்வளவும் சரியாகச் சொன்னால் வேலை உறுதியா? இல்லை. அதை உங்களிடம் மறைத்தால் நான் பொய் சொல்கிறவன் ஆவேன். சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. அவர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை. சென்னையில் சாரா சித்திக் இதே போன்ற சோதனை நடத்தி 2011இல் வெளியிட்டார். உயர்சாதிப் பெயருக்குக் கிடைக்கும் அதே எண்ணிக்கை அழைப்பைப் பெற, மற்றவர்கள் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அதில் இன்னொன்றும் இருந்தது. சிறிய நிறுவனங்களில் உயர்சாதிக்குச் சாதகம் தெரிந்தது; பெரிய அளவில் இயங்கும் நிறுவனங்களில் ஒடுக்கப்பட்டோருக்குச் சாதகம் தெரிந்தது. ஆகவே உங்கள் பட்டியலில் பெரிய நிறுவனங்களையும் கட்டாயம் வையுங்கள். டெல்லியில் அபிஜித் பானர்ஜியும் மற்றவர்களும் செய்த சோதனையில் மென்பொருள் வேலைகளில் பாகுபாடு தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் தென்பட்டது. நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம் இது: எங்கே திறமையை எண்ணாகவும் சான்றாகவும் காட்ட முடிகிறதோ அங்கே ஊகத்துக்கு இடம் குறைகிறது. எங்கே "பேச்சு எப்படி, ஆள் எப்படி" என்று மட்டும் பார்க்கிறார்களோ அங்கே இடம் கூடுகிறது. நாற்பது பில், டேலி, 68 சதவீதம், 2.4 லட்சம் என்று நான் எண்களைப் பிடித்துத் தொங்குவது அதற்காகத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. கூப்பிட்டவர் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று எதைக் கேட்டாலும், ஓடிபி கேட்டாலும் வைத்துவிடுங்கள். ஆள் தேடித் தருவதற்கான பணத்தை நிறுவனம்தான் கன்சல்டன்சிக்குக் கொடுக்கிறது.

அந்தத் தங்கையின் கதையை முடிக்கிறேன். நாங்கள் ஒரே ஒரு ஏ4 தாளில் எட்டு வரி எழுதினோம். கட்டத்துக்கு ஒரு வரி, ஆங்கிலத்தில், அவருடைய சொந்தச் சொற்களில். மூன்று மாலை அவருடைய அண்ணன் போனில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். இவர் மாடிப்படியில் உட்கார்ந்து பதில் சொன்னார். அடுத்த அழைப்பு நான்கு வாரம் கழித்து வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தது. "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்றதும் "பட்டாசு நிறுவனத்தில், பேக்கிங் பிரிவில்" என்று சொன்னார். மறுமுனையில் "ஓகே" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். அந்த "ஓகே"வைப் பற்றித்தான் இவர் என்னிடம் நெடுநேரம் பேசினார். ஏழு மாதம் மறைத்து வைத்த விஷயம் அவர்களுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான்.

அடுத்த சுற்றுக்குத் தேர்வானார். எக்செல் தேர்வில் தடுமாறி அந்த வேலை போனது. அது அழைப்பின் குறை அல்ல, எக்செல் குறை என்று தெரிந்ததால் எதைப் படிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து மதுரையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். தீபாவளி போனஸையும் வாங்கிவிட்டுத்தான் போனார்.

பின்வரிசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வரி எழுதுங்கள். பிறகு இருவர் இருவராக வெளியே போய், ஒருவர் கூப்பிட, ஒருவர் பதில் சொல்லிப் பழகலாம். சம்பளக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் மட்டும் என்னிடம் வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.